கூடையும் குச்சியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஆரம்பப் பிரிவு வினோத உடைப் போட்டியின் நடுவர்கள் மூவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



போன மாதம் நடந்த இல்ல விளையாட்டுப் போட்டியில் எங்கள் மூவரையும் வினோத உடைப் போட்டிக்கு நடுவர்களாக இருத்தினார்கள். எங்களில் ஒருவர் இன்றும் ஹட்டன் பக்கத்திலேயே இருப்பவர். ஒருவர் கொழும்பில் குடியிருப்பவர். மற்றவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்த் திருச்சியில் பல வருடம் ஆசிரியையாக இருந்தவர். முப்பத்திரண்டு பிள்ளைகளைப் பார்த்துப் புள்ளி போடுவது சின்ன வேலைதான் என்று எண்ணிக்கொண்டுதான் போய் உட்கார்ந்தோம்.

அன்றைக்கு நம் ஊர் மழை தன் வழக்கத்தைக் காட்டிவிட்டது. பிள்ளைகளின் இலக்கமும் அவர்கள் போட்ட பாத்திரத்தின் பெயரும் எழுதியிருந்த தாள் தூறலில் நனைந்து, மை கலைந்து, இலக்கங்கள் மட்டும் மிஞ்சின. ஒலிவாங்கியும் கரகரத்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வாய் அசைத்தது தெரிந்தது, சொன்னது கேட்கவில்லை. ஆகவே முன்னால் நடந்து போகும் பிள்ளை யார் என்பதை, அது கொண்டுவந்த பொருட்களை வைத்தே நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அதில் எங்கே சரியாகப் போனோம், எங்கே தவறினோம் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம். தவறியது ஒரே ஓரிடத்தில்தான். ஆனால் அது எங்கள் மனத்தைவிட்டு இன்னும் போகவில்லை.

முதலில் சுலபமானவர்கள். விரித்த கூந்தல், கையில் உயர்த்திய ஒற்றைச் சிலம்பு என்றால் கண்ணகி. இங்கே 'ஒற்றை' என்பதுதான் முக்கியம். இரண்டு சிலம்பும் காலிலே இருந்தால் அது நடனமாடும் பிள்ளை. ஒன்று கையில் வந்துவிட்டால், மற்றது விற்கப் போன கதை முழுவதும் கூடவே வந்துவிடுகிறது. வெண்தாடி, உச்சிக்குடுமி, ஒரு கையில் ஓலை, மறு கையில் எழுத்தாணி என்றால் திருவள்ளுவர். நரைத்த தலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல் என்றால் ஔவையார்.

இவர்களை நாம் ஏன் இவ்வளவு வேகமாகக் கண்டுகொள்கிறோம்? திருவள்ளுவர் முகத்தைக் கண்டவர் எவருமில்லை. இன்று நாம் வள்ளுவர் என்று சொல்லும் உருவம் வேணுகோபால் சர்மா என்னும் ஓவியர் வரைந்தது. 1960இல் இந்தியாவில் அது முத்திரையாக வந்தது, 1964இல் சென்னைச் சட்டசபையில் படமாகத் திறக்கப்பட்டது, பிறகு நம் பாடப்புத்தகங்களுக்கும் கலண்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. ஔவையாரை 1953இல் வந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஒரு தோற்றத்தில் நிறுத்திவிட்டார். கண்ணகிக்கும் பாரதியாருக்கும் 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலையே வைத்துவிட்டார்கள். அம்மா படத்தைப் பார்த்துப் பிள்ளையை உடுத்துகிறாள்; நாம் அதே படத்தை நினைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்கிறோம். இடையில் இருப்பது ஒரு படம். படம் இல்லாதவரை என்ன செய்வது என்று அந்த நேரத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

அடுத்து வந்தாள் பச்சைச் சேலை கட்டிய ஒரு பிள்ளை. கையில் கடதாசிக் கிளி. மதுரை மீனாட்சியா, ஆண்டாளா? இருவருக்கும் கிளி உண்டு. மீனாட்சிக்கு வலக்கையில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு இடக்கையில். இது கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்த அடையாளம். கிளி எங்கள் இடப்பக்கமாகத் தெரிந்தது. உடனே ஆண்டாள் என்று எழுதப் போனார் எங்களில் ஒருவர். எதிரே நிற்கும் பிள்ளைக்கு அது வலக்கை என்பதை மற்றவர் நினைவூட்டினார். அப்படியானால் மீனாட்சி என்று எழுதினோம். எழுதி முடிப்பதற்குள் பிள்ளை கிளியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டாள்! குளிருக்கு, சும்மா இருக்கும் கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு நடந்தாள். ஒரு கை சூடானதும் மற்றக் கைக்கு முறை வந்தது.

அப்போதுதான் தலையைப் பார்த்தோம். கிரீடம் இல்லை. கொண்டை உச்சியில் இல்லாமல் இடப்பக்கமாகச் சரித்துக் கட்டி, பூச்சுற்றி, ஊசிகள் குத்தப்பட்டிருந்தது. ஆண்டாள்தான். அந்த ஒரு கொண்டை எங்களுக்கு நல்ல பாடமொன்றைச் சொல்லித் தந்தது. கையில் பிடித்திருப்பது மாறும், விழும், அண்ணன் பிடுங்கிக்கொள்வான், குளிருக்கு இடம் மாறும். கட்டியது, குத்தியது, ஒட்டியது, பூசியது மாறாது. விடியற்காலையில் எழுந்து அம்மா இருந்து செய்தது அது. இரண்டும் முரண்பட்டால், கையில் இருப்பதை விட்டு, உடம்பில் கட்டியிருப்பதை நம்ப வேண்டும்.

அந்த விதி உடனே உதவிற்று. தோல் நிறக் காலுறையைத் தலைக்கு மாட்டி மொட்டையாக்கி, முழங்கால் வரை வெள்ளைத் துணி கட்டி, தடி ஊன்றி ஒரு பிள்ளை வந்தாள். காந்தியடிகள் என்போம் உடனே. ஆனால் மூக்குக் கண்ணாடி இல்லை. மொட்டையும் தண்டமும் பழனியாண்டவருக்கும் உண்டு. மார்பில் விபூதியோ உருத்திராக்கமோ இருக்கிறதா என்று பார்க்கலாமென்றால், அங்கே சாம்பல் நிறத்தில் கம்பளிச் சட்டை. நம் ஊரில் காந்தியடிகளும் கம்பளிச் சட்டை போட்டுத்தான் ஆகவேண்டும், முருகனும் அப்படியே. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையின் மேல் இருப்பதெல்லாம் வேடமல்ல. கம்பளிச் சட்டை, காலுறை, சப்பாத்து எல்லாம் குளிருக்காக. அவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கழித்துப் பார்த்தபோது இடுப்பில் ஊசி குத்தித் தொங்கிய கடதாசி மட்டைக் கடிகாரம் தெரிந்தது. காந்தியடிகள் இடுப்பில் கடிகாரம் தொங்கவிட்டிருந்தவர். பழனியாண்டவருக்கு நேரம் பார்க்கும் தேவையில்லை. பிறகு விசாரித்தால், கண்ணாடியில் மூச்சுப் பட்டு மூடுபனி போல் மறைத்ததாம். கழற்றி ஆசிரியையிடம் கொடுத்துவிட்டாளாம். 1927 நவம்பரில் இலங்கை வந்து மலைநாட்டுக்கும் ஏறி வந்த காந்தியடிகளையும் இந்தக் குளிர் தொட்டிருக்கும்.

அதன் பின்னால் வந்தது வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட், முறுக்கிய மீசை, சட்டைப்பையில் ஒரு சின்னப் புத்தகம். திருச்சி அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாரதியார் என்று எழுதிவிட்டார். அங்கே அவர் பார்த்த கறுப்புக் கோட் பிள்ளைகள் எல்லோரும் பாரதியார்கள்தான். இந்த மலையில் கோட்டுக்கும் தலைப்பாகைக்கும் இன்னொரு சொந்தக்காரர் உண்டு. பெரிய கங்காணி! பிரட்டுக்களத்தில் கோட் போட்டுத் தலைப்பாகை கட்டி நின்ற அவரைப் பழைய புகைப்படங்களில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பைப் புத்தகம் கவிதைப் புத்தகமாகவும் இருக்கலாம், பேர் போடும் புத்தகமாகவும் இருக்கலாம். அது எதையும் தீர்க்காது.

தீர்த்தவை இரண்டு. ஒன்று நெற்றி. பாரதியாருக்கு அம்மாமார் மறக்காமல் குங்குமம் வைப்பார்கள். இவளுக்கு அது இல்லை. மற்றது காது. பெண் பிள்ளையின் காதில் தோடு இருப்பது சாட்சியாகாது, அது அவளுடையது. ஆனால் இவளுடைய தோட்டின் மேல் தங்கக் கடதாசியில் பெரிய வட்டம் வெட்டி ஒட்டியிருந்தது. அதுதான் கடுக்கன். தன்னிடம் இருப்பதையே வேறொன்றாக மாற்றியிருக்கிறார்கள் என்றால், அங்கே வேண்டுமென்றே செய்த வேலை இருக்கிறது. கையில் இருந்த வளைந்த பிடிக் கறுப்புக் குடையும் அதற்குப் பொருந்தியது. மழைக்கு வந்த குடை என்றால் மடக்குக் குடையாக இருந்திருக்கும். கங்காணி என்று திருத்தி எழுதினோம். சரியாகவே இருந்தது. எங்களுக்குள் ஒரு பெருமையும் வந்துவிட்டது.

அந்தப் பெருமையோடுதான் 17ஆம் இலக்கப் பிள்ளையைப் பார்த்தோம்.

ஆறு வயது இருக்கும். பழைய சேலையொன்றைச் சின்னதாக்கிக் கட்டியிருந்தாள். தலையில் துணி. இடுப்பில் அணைத்துப் பிடித்த மூங்கில் கூடை. மற்றக் கையில் குச்சி. கழுத்தில் பாசிமணி. கூடை, குச்சி, பாசிமணி மூன்றும் சேர்ந்தால் குறி சொல்லும் குறத்தி. திருச்சி அக்காவும் கொழும்பு அக்காவும் அப்படியே எழுதினார்கள். மூன்றாமவருக்கு அது கொழுந்து பறிக்கும் பெண்ணாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். ஆனால் கூடை இடுப்பில் இருக்கிறதே என்று அவரும் விட்டுவிட்டார். கொழுந்துக் கூடை முதுகில் இருக்கும், கயிறு தலைத்துணியின் மேலால் போகும், அப்போதுதான் இரண்டு கையும் பறிக்க முடியும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆக, குறத்தி என்று முடிவாயிற்று. உடை சாதாரணமாக இருக்கிறது, வீட்டில் கிடந்ததைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று குறைந்த புள்ளியும் போட்டோம். முதல் சுற்று முடிந்ததும் எங்கள் பட்டியலைப் பார்த்துச் சான்றிதழ் எழுதுகிறவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். நாங்கள் எழுந்து கிட்டே போனோம். அவளருகே போனதும் முதலில் கண்ணில் பட்டது விரல்கள்தான். இரண்டு கையிலும் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் கறுப்பாக இருந்தன. அழுக்கா என்று பார்த்தால், மை தொட்டுக் கவனமாகப் பூசியது. மற்ற விரல்கள் சுத்தமாக இருந்தன. குறத்திக்கு யார் விரல் நுனியில் மை பூசுவார்கள்? கொழுந்தைக் கிள்ளுகிற விரல்கள் அவை. சாறு ஏறி ஏறிக் கறுத்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை அது. எங்களில் எத்தனை பேரின் கையைப் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டி வந்த விரல்கள் அப்படி இருந்தன!

பூசியது மாறாது என்று நாங்களே கண்டுபிடித்த விதி. அதை வைத்து மற்றவற்றைத் திரும்பப் பார்த்தோம். தலைத்துணியில் நடுவே ஆழமாக ஒரு மடிப்பு, கயிறு கிடந்த இடம். கூடையின் வாயில் முடிச்சு மட்டும் இருந்தது. கயிறு அறுந்துபோனதால்தான் கூடை முதுகிலிருந்து இடுப்புக்கு வந்திருக்கிறது. குச்சியைப் பார்த்தோம். குறத்தியின் கோல் குட்டையாக, கையில் பிடித்து ஆட்டுவதற்கு இருக்கும். இது மெல்லியதாக, நேராக, அவளுடைய உயரத்துக்கு நீளமாக இருந்தது. தேயிலைச் செடியின் மேல் படுக்க வைத்து மட்டம் பார்க்கிற குச்சி. அதற்கு மேலே நிற்கும் இளங்கொழுந்தைத்தான் கிள்ள வேண்டும். பாசிமணி? அது அவளுடைய சொந்த மணி, தினமும் போடுவது. கம்பளிச் சட்டையைக் கழித்த நாங்கள் அதைக் கழிக்க மறந்துவிட்டோம்.

கொழுந்து பறிக்கும் பெண் என்பது நிச்சயமாயிற்று. ஆனால் இன்னும் ஒன்று பொருந்தவில்லை. இப்போது பல தோட்டங்களில் மூங்கில் கூடை இல்லை, முதுகில் நைலோன் பைதான். அவளுடைய அம்மா மலைக்குப் போகிறவளானால் வீட்டில் இருப்பது பையாகத்தான் இருக்கும். இந்தக் கூடையோ பிரம்பு கறுத்து, அடி தேய்ந்து, அட்டாலியிலிருந்து இறக்கியது போல இருந்தது. அப்படியானால் இது இன்றைய ஆளல்ல. குனிந்து கேட்டோம்: "யாரும்மா நீ?"

"அப்பாயி" என்றாள். சொல்லிவிட்டு அப்பாயியின் பெயரையும் சொன்னாள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றும் சொன்னாள்.

அதாவது அவள் 'கொழுந்து பறிக்கும் பெண்' என்ற வேடத்தில் வரவில்லை. பெயருள்ள ஒரு மனுஷியாக வந்திருந்தாள். ஆண்டாளும் காந்தியும் வந்தது போலவே வந்திருந்தாள். அதற்காகத்தான் பழைய கூடை, அதற்காகத்தான் விரலில் மை. வீட்டில் கிடந்ததைக் கட்டி அனுப்பியதாக நாங்கள் நினைத்தது, வீட்டில் மிச்சமிருந்த சாட்சிகளைத் தேடி எடுத்துக் கட்டியது. மேசைக்குத் திரும்பியபோது அவளுடைய சான்றிதழ் எழுதி முடிந்திருந்தது. பாத்திரம் என்ற இடத்தில், எங்கள் சொல்லை நம்பி, அழகான கையெழுத்தில் 'குறத்தி' என்று இருந்தது.

அன்றிரவு மூவரும் இதையே பேசிக்கொண்டிருந்தோம். பொருள் ஒன்று ஓர் ஆளைக் காட்ட வேண்டுமானால், அந்தப் பொருளையும் அந்த ஆளையும் சேர்த்து முன்பே ஒரு படம் பலருக்குக் காட்டியிருக்க வேண்டும். வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டால் தாதி. கையில் ஒரு விளக்கு வந்துவிட்டால் புளோரன்ஸ் நைட்டிங்கேல், பெயரோடு. ஏனென்றால் விளக்கோடு நிற்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் மலையில் கூடை, குச்சி, கம்பளி எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை ஒரு தொழிலை மட்டும் காட்டி நின்றுவிடுகின்றன. எந்தக் கூடை யாருடையது என்று காட்டும் படம் நம்மிடம் இல்லை.

அப்பாயிகளுக்கு மட்டும் வந்த குறையல்ல இது. ஹட்டனைத் தளமாக வைத்துக்கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நடேசய்யரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். நாளைக்கு ஒரு பிள்ளை மீனாட்சியம்மையாக வேடம் போட்டு வந்தால் நாங்கள் என்ன எழுதியிருப்போம்? சேலை கட்டிய ஓர் ஆசிரியை என்றுதான். மதுரை மீனாட்சியைக் கிளியைக் கொண்டு கண்டுபிடிக்கிறோம். ஹட்டன் மீனாட்சியம்மையைக் கண்டுபிடிக்க நம் கையில் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பொருட்களை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் 'கொழுந்து பறிக்கும் பெண்' வரைக்கும்தான் போக முடியும். அதற்கு மேலே, பிள்ளையிடம் குனிந்து கேட்கத்தான் வேண்டும். நாங்கள் கேட்டோம், ஆனால் பிந்திக் கேட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை அதிபரிடம் அனுமதி கேட்டுப் புதிய சான்றிதழ் ஒன்று எழுதினோம். மூவரும் ஒப்பமிட்டோம். பாத்திரம் என்ற இடத்தில் அவளுடைய அப்பாயியின் முழுப் பெயரையும் எழுதினோம். புள்ளியையும் திருத்தினோம். பரிசுகள் ஏற்கெனவே கொடுத்து முடிந்திருந்ததால் இடம் எதுவும் கிடைக்கவில்லை, அதை எங்களால் மாற்ற முடியவில்லை. சான்றிதழை வாங்க அவளுடைய தகப்பனார் வந்திருந்தார். பெயரை இரண்டு முறை வாசித்தார். "எங்க அம்மா பேரு ரெஜிஸ்டர்ல இல்லாம இன்னொரு எடத்துல எழுதியிருக்கிறத இப்பதான் பாக்குறேன்" என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இனி இப்போட்டிக்கு நடுவர்களாக வரும் தங்கைமாருக்கு எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். குளிருக்குப் போட்டதையும் பிள்ளைக்குச் சொந்தமானதையும் முதலில் கழித்துவிடுங்கள். கையில் இருப்பதைவிடக் கட்டியதையும் பூசியதையும் நம்புங்கள். எதிரே நிற்பவளின் வலது உங்களுக்கு இடது என்பதை மறக்காதீர்கள். தூரத்திலிருந்து முடிவெழுதாமல் ஒருமுறை கிட்டே போய் விரல்வரை பாருங்கள். பெயரைப் பிள்ளையின் வாயால் கேட்ட பிறகே சான்றிதழ் எழுதக் கொடுங்கள்.

பழைய மாணவிகளாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டில் அப்பாயி, அம்மாயி, அம்மா இவர்களில் யாருடைய படமாவது இருந்தால், ஒரு பிரதி எடுத்துப் பின்பக்கத்தில் பெயரும் தோட்டமும் எழுதிப் பாடசாலைக்கு அனுப்புங்கள். அவர்கள் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். நூல் நிலையத்துச் சுவரில் அவற்றை மாட்ட அதிபர் இணங்கியிருக்கிறார். முதலாவதாக மாட்டுவதற்கு 17ஆம் இலக்கப் பிள்ளையின் வீட்டில் படம் கேட்டோம். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான் இருக்கிறதாம். அதில் கைகள் தெரியவில்லை. கூடையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.